மண்ணுக்குள் போகும் சுடுநீர்க் குழாய்: வெப்ப இழப்பைக் கணக்கிடுவது எப்படி?

கேள்வி: ஊட்டியில் விடுதி கட்டுகிறோம். பாய்லர் அறையிலிருந்து அறைகள் இருக்கும் பிளாக் 60 மீட்டர் தள்ளி இருக்கிறது. 2 இஞ்ச் ஜி.ஐ. குழாயை இரண்டடி ஆழத்தில் புதைக்கப் போகிறோம். தண்ணீர் 60 டிகிரி, லைன் 24 மணி நேரமும் சூடாக இருக்க வேண்டும். "மண்ணே போர்வை மாதிரிதான், இன்சுலேஷன் செலவு வீண்" என்கிறார் பிளம்பர். அது சரியா? எவ்வளவு வெப்பம் வீணாகும் என்று நாங்களே கணக்குப் போட முடியுமா?

பதில்: சரியில்லை. கணக்கு ஒரே வரியில் முடிந்துவிடும், கால்குலேட்டர் போதும்.

குழாயிலிருந்து வெப்பம் எல்லாத் திசையிலும் கிளம்பி, மண் வழியாக வளைந்து வளைந்து மேற்பரப்புக்கு வந்து சேர்கிறது. பாதை ஒரே நீளமாக இல்லாததால், சுவருக்குப் போடுவதுபோல "பரப்பு வகுத்தல் தடிமன்" என்று போட முடியாது. அந்த வளைந்த பாதைகளையெல்லாம் சேர்த்து ஒரே எண்ணாக்கித் தருவதுதான் வடிவக் காரணி. S என்று குறிப்பார்கள், அலகு மீட்டர். அது கிடைத்துவிட்டால் மண்ணின் வெப்பக் கடத்துதிறனாலும் வெப்பநிலை வித்தியாசத்தாலும் பெருக்கினால் போதும்.

```
S = 2πL / ln(4z/D)
q = S · k · (T1 − T2)
```

q வாட்டில் வெப்ப இழப்பு, k மண்ணின் வெப்பக் கடத்துதிறன், T1 தண்ணீரின் வெப்பநிலை, T2 தரை மேற்பரப்பின் வெப்பநிலை. L குழாயின் நீளம், D அதன் வெளிவிட்டம், z தரையிலிருந்து குழாயின் *மையம்* வரையுள்ள ஆழம். குழாயின் தலை வரை அளந்து போடுகிறவர்கள் உண்டு, அது தப்பு. z என்பது D-யைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால் இந்த எளிய வடிவம் போதும். அதைவிட மேலோட்டமாகப் புதைத்தால் `ln(4z/D)` இருக்கும் இடத்தில் `arccosh(2z/D)` போட வேண்டும்.

2 இஞ்ச் ஜி.ஐ. குழாயின் வெளிவிட்டம் 50 மி.மீ. அல்ல, 60.3 மி.மீ. மைய ஆழம் 0.6 மீட்டர். ஆக 4z/D = 2.4 / 0.0603 = 39.8. அதன் `ln` 3.68. இங்கே `log` பொத்தானைத் தட்டினால் 1.6 வரும், இழப்பு 2.3 மடங்கு பெரிதாகத் தெரியும். அளவுகளில் ஒன்று மி.மீ.யிலும் மற்றொன்று மீட்டரிலும் இருந்தாலும் விடை கெடும்.

ஈரப்பதமுள்ள மண்ணுக்கு k = 1.2 வாட்/மீ.கெ. என்று வைப்போம். மேற்பரப்பு வெப்பநிலைக்கு மதிய வெயிலையோ விடிகாலைப் பனியையோ எடுக்க வேண்டாம். பகல்–இரவு ஏற்ற இறக்கம் அரை மீட்டருக்குக் கீழே ஏறக்குறைய அழிந்துவிடுகிறது, பருவ மாற்றம்தான் அங்கே எட்டும். அதனால் மாதச் சராசரியே சரி. இங்கே 15 டிகிரி என்று கொள்கிறேன். குளிர்மாதத்துக்குத் தனியாகப் பார்க்க விரும்பினால் இதைக் குறைத்துப் போடுங்கள்.

ஒரு மீட்டருக்கு: 6.283 × 1.2 × 45 / 3.68 = 92 வாட். 60 மீட்டருக்கு 5.5 கிலோவாட். நாள் முழுக்க ஓடினால் 130 யூனிட்டுக்கு மேல். இதே வெற்றுக் குழாயைத் திறந்தவெளியில், காற்று அதிகம் வீசாத இடத்தில் மாட்டினாலும் இழப்பு ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும். மண் போர்வை என்ற பேச்சு அவ்வளவில் முடிந்தது.

"அப்படியானால் இன்னும் ஆழமாகத் தோண்டலாமே" என்று அடுத்து சொல்வார்கள். ஆழத்தை இரண்டு மடங்காக்கி 1.2 மீட்டரில் புதைத்தால் 4z/D 79.6 ஆகும், `ln` 4.38. இழப்பு 77 வாட்டாகத்தான் இறங்கும். தோண்டும் கூலி இரட்டிப்பு, மிச்சம் 16 சதவீதம். ஆழம் சூத்திரத்தில் `ln`-க்குள் மாட்டிக்கொண்டிருப்பதால் அதன் பலன் இவ்வளவுதான்.

குழாய்மேல் 30 மி.மீ. பஃப், அதாவது பாலியூரித்தேன் நுரை இன்சுலேஷன், போட்டுப் பாருங்கள். இப்போது வெப்பத்துக்கு வரிசையாக இரண்டு தடைகள்: முதலில் பஃப், பிறகு மண். ஒரு மீட்டர் நீளத்துக்கு இரண்டையும் தனித்தனியே கண்டு கூட்ட வேண்டும். பஃப்பின் k 0.027 என்று வைத்தால் அதன் தடை ln(120.3/60.3) / (2π × 0.027) = 4.07. மண்ணின் தடைக்கு D-யை 120.3 மி.மீ. ஆக மாற்றுங்கள், ஏனென்றால் மண்ணைத் தொடுவது இப்போது உறைதான்: ln(2.4/0.1203) / (2π × 1.2) = 0.40. கூட்டினால் 4.47. 45-ஐ அதால் வகுத்தால் மீட்டருக்கு 10 வாட், மொத்தம் 600 வாட், நாளுக்குச் சுமார் 14.5 யூனிட்.

இந்த இரண்டு தடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் புரியும். இந்தக் கணக்கில் நம்பிக்கை மிகக் குறைந்த எண் மண்ணின் k தான். காய்ந்த மண்ணில் 0.5-க்கும் கீழே போகும், மழையில் ஊறிய மண்ணில் 2-ஐத் தொடும். வெற்றுக் குழாய்க்கு அந்த வித்தியாசம் 38 வாட்டிலிருந்து 153 வாட் வரை இழுக்கிறது. பஃப் போட்ட குழாய்க்கோ 9-லிருந்து 10.4 வரைதான். ஆகவே மண் பரிசோதனைக்குக் காசு செலவழிக்காதீர்கள், இன்சுலேஷன் மூட்டுகளுக்குச் செலவழியுங்கள்.

கடைசி அறைக்கு என்ன சூட்டில் தண்ணீர் வரும் என்பது ஓட்டத்தைப் பொறுத்தது. 5.5 கிலோவாட் என்பது குழாய் முழுக்க 60 டிகிரி என்று வைத்த கணக்கு. தண்ணீர் போகப் போக ஆறுவதால் இழப்பும் குறையும், அதனால் நேரடியாகக் கழிக்காமல் இப்படிப் போட வேண்டும்:

```
Tout = T2 + (Tin − T2) · exp(−L / (R · m · c))
```

Tin குழாய்க்குள் நுழையும் தண்ணீரின் வெப்பநிலை, Tout தூர முனையில் வெளிவருவதன் வெப்பநிலை. R என்பது மேலே கண்ட மீட்டர் தடை (வெற்றுக் குழாய்க்கு 0.489), m ஒரு வினாடிக்கு ஓடும் கிலோ, c தண்ணீருக்கு 4186. காலையில் மணிக்கு 1500 லிட்டர் ஓடும்போது வெற்றுக் குழாயிலும் 57 டிகிரி வரும், யாருக்கும் குறை தெரியாது. இரவில் மணிக்கு 200 லிட்டருக்குக் குறைந்தால் 41.5-க்கு இறங்கிவிடும். பஃப் போட்ட குழாயில் அதே ஓட்டத்தில் 57.5.

இந்தச் சூத்திரம் நிலைபெற்ற வெப்ப ஓட்டத்துக்கு மட்டுமே. 0.6 மீட்டர் ஆழத்தில் மண் அந்த நிலைக்கு வர ஒரு வாரம் போல ஆகும். முதல் சில நாள் இழப்பு கூடுதலாக இருந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் தினமும் காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் ஓட்டுகிற லைனுக்கு இதைப் போட்டு ஏமாறாதீர்கள்; அங்கே பிரச்சினையே வேறு, இரவில் ஆறிப்போன 130 லிட்டர் தண்ணீர் முதலில் வெளியே வந்தாக வேண்டும். திரும்பும் குழாயும் அதே குழியில் போகிறதென்றால் ஒற்றைக் குழாய் விடையை இரண்டால் பெருக்காதீர்கள். ஒன்று மற்றதன் மண்ணைச் சூடாக்குவதால் கூட்டுத்தொகை அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

ஊட்டி மழையில் உண்மையான ஆபத்து உறைக்குள் தண்ணீர் புகுவதுதான். பெரும்பாலும் வெல்டிங் செய்த இடத்தில் சைட்டிலேயே போடும் மூட்டு உறை சரியாக ஒட்டாததால் நடக்கும். இன்சுலேஷன் முழுக்க ஊறி அதன் k 0.5 வரை ஏறிவிட்டால் இழப்பு மீட்டருக்கு 73 வாட், வெற்றுக் குழாய்க்குப் பக்கத்தில். அதனால் குழியை மூடும் முன் ஒவ்வொரு மூட்டையும் பாருங்கள், இரு முனையிலும் ஒரு தெர்மாமீட்டர் பாக்கெட் வையுங்கள். இரவு 200 லிட்டர் ஓட்டத்தில் தூர முனை 57 காட்டினால் எல்லாம் சரி. 45-ஐ ஒட்டி நின்றால் உறைக்குள் தண்ணீர் நிற்கிறது.