கூட்டல் சரி, பெருக்கல் தப்பு

"அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்தில் பலகாரக் கடை வைத்திருக்கிறேன். பாளையங்கோட்டைப் பட்டறை ஒன்றில் ஆறு ஸ்டீல் ரேக், இரண்டு மேசை செய்யச் சொல்லி 40,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தேன். சாமான் வந்து இறங்கிவிட்டது, ரேக் மட்டும் இன்னும் சுவரில் மாட்டவில்லை. பாக்கி 51,400 உடனே வேண்டும் என்கிறார்கள். எனக்கும் ஜிஎஸ்டி நம்பர் உண்டு. கொட்டேஷன், பில் இரண்டையும் அனுப்பியிருக்கிறேன். கொடுத்துவிடலாமா?"

இப்போது கொடுக்க வேண்டாம் தம்பி. 1,248 ரூபாய் கூடுதலாகக் கேட்டிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய தொகை ஒன்று உங்கள் கையை விட்டுப் போகவும் இந்த பில் வழிவைக்கிறது.

பில்லில் ரேக்குக்கு 47,700, மேசைக்கு 28,800, கொண்டுவந்து மாட்டுவதற்கு 3,500 என்று போட்டு, மொத்தம் 80,000 என்று இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் சரியாகத்தான் வரும். ஆனால் ஒரு ரேக் 7,850 என்றால் ஆறுக்கு 47,100தான். கொட்டேஷனில் நுழைந்த 600 ரூபாய்த் தப்பு அப்படியே பில்லுக்கும் வந்திருக்கிறது. பெரும்பாலும் நாம் அடிக்கூட்டலை மட்டும் சரிபார்க்கிறோம். எண்ணிக்கையை விலையால் பெருக்கிப் பார்ப்பதில்லை. அதுவும் 80,000 என்று முழுசாக நின்றால் சந்தேகமே வராது.

அடுத்தது தள்ளுபடி. 80,000க்கு 18 சதவீத வரி 14,400 சேர்த்து, 94,400 ஆக்கி, அதன் பிறகு 3,000 கழித்து 91,400 என்று எழுதியிருக்கிறார்கள். பில்லிலேயே காட்டுகிற தள்ளுபடியை முதலில் கழித்துவிட்டு, மீதிக்குத்தான் வரி போட வேண்டும். இல்லாவிட்டால் அந்த 3,000க்கும் 540 ரூபாய் வரி கட்டியதாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு: கடைசித் தொகையை 1.18ஆல் வகுங்கள். 91,400ஐ வகுத்தால் 77,457 ரூபாய் சொச்சம் வருகிறது. தள்ளுபடி போக 77,000 அல்லவா வர வேண்டும்? வரி போட்ட வரிசை தப்பு என்று இதில் தெரிந்துவிடும். ஆனால் பெருக்கல் தப்பு இதில் சிக்காது. அதை ஒவ்வொரு சாமானாகப் பெருக்கித்தான் பார்க்க வேண்டும்.

சரியான கணக்கு இது: 79,400இல் 3,000 போக 76,400. அதற்கு மத்திய வரி 9 சதவீதம் 6,876, மாநில வரி 9 சதவீதம் 6,876. ஆக 90,152. அட்வான்ஸ் போக நீங்கள் தர வேண்டியது 50,152.

உங்கள் பில்லில் "ஜிஎஸ்டி 18%" என்று மொத்தமாகத்தான் இருக்கிறது. மத்திய வரி, மாநில வரி இரண்டையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். அதைவிட முக்கியம், உங்கள் ஜிஎஸ்டி நம்பர் பில்லில் எங்குமே இல்லை. அது இல்லாவிட்டால் பொதுமக்களுக்கு விற்றதாகக் கணக்கில் ஏறிவிடும். நீங்கள் வாங்கிய பில்களைக் காட்டும் GSTR-2Bயில் வராது, வாங்கும்போது கட்டிய 13,752 ரூபாய் உள்ளீட்டு வரியை நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. நான் முதலில் சொன்ன பெரிய தொகை இதுதான். பட்டறைக்காரரின் நம்பரையும் gst.gov.in தளத்தில் Search Taxpayer பகுதியில் போட்டுப் பாருங்கள். 15 இலக்கம், நம் மாநிலத்துக்கு 33இல் தொடங்கும். சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டம் என்று காட்டினால் அவர் உங்களிடம் வரியே வசூலிக்கக் கூடாது.

பேனாவால் அடித்துத் திருத்தித் தந்தால் வாங்காதீர்கள். மாதாமாதம் கணக்குக் கொடுப்பவர் என்றால் அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் GSTR-1 என்கிற விற்பனைக் கணக்கைப் போடுவார். அதற்கு முன்பே புது பில் கேளுங்கள். போட்டுவிட்டால் கூடுதல் தொகைக்கு கிரெடிட் நோட் வாங்க வேண்டியிருக்கும். உங்கள் நம்பரைச் சேர்ப்பது இன்னும் இழுவை.

கொட்டேஷனில் உள்ள "50% அட்வான்ஸ், பாக்கி வேலை முடிந்ததும்" என்கிற வாசகம்தான் இப்போதைய தகராறுக்கே காரணம். எதில் 50%? வரியோடா, வரி இல்லாமலா? சாமான் இறங்கினால் வேலை முடிந்ததா, மாட்டினால்தான் முடிந்ததா? அவர்கள் ஒன்று நினைக்கிறார்கள், நீங்கள் ஒன்று நினைக்கிறீர்கள். ஆனால் மாட்டுவதற்கு என்று 3,500 பில்லில் இருப்பதால், மாட்டாமல் வேலை முடிந்தது என்று சொல்ல முடியாது. உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

அதற்காகச் சும்மா இழுத்தடிக்கவும் கூடாது. சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுள்ள சிறு பட்டறை என்றால், எழுத்தில் கெடு இல்லாதபோது 15 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் வட்டி. சாமான் இறங்கிய 15 நாளுக்குள் குறையை எழுதிக் கொடுத்தால், அது தீர்ந்த நாளிலிருந்துதான் கெடு ஓடும். அதனால் போனில் பேசியதோடு விடாமல் இன்றே வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் இப்படி அனுப்புங்கள்:

"ஆறு ரேக் 47,100 என்று திருத்தி, தள்ளுபடியை வரிக்கு முன் கழித்து, என் ஜிஎஸ்டி நம்பருடன் 90,152 ரூபாய்க்குப் புது பில் தாருங்கள். அம்பாசமுத்திரம் கடையில் ஆறு ரேக்கும் மாட்டி, புது பில்லும் கிடைத்த 7 நாளில் பாக்கி 50,152 தருகிறேன்."