இரவு ஷிப்டுக்குத் தயார் என்று கடிதத்தில் எழுதுவது எப்படி?

கேள்வி: நைட் ஷிப்டும் ரொட்டேஷனும் உள்ள ஆபரேட்டர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். 14 மாதமாக ஷிப்டில்தான் இருக்கிறேன். எந்த நேரத்துக்கும் தயார் என்று கடிதத்தில் எப்படி எழுதுவது? அலவன்ஸுக்காகத்தான் வருகிறான் என்று நினைத்துவிடக் கூடாது.

பதில்:

இரவு பகல் நிற்காமல் ஓடும் ஒரு ஆலையில் பல வருடம் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்தேன். ஆள் எடுக்கும்போது வரும் கடிதங்களை நானும் படிப்பேன். பெரும்பாலானவற்றில் இந்த வரி இருக்கும்: "எந்த ஷிப்டிலும் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்." இதை எழுதியவர் இரவில் கண்விழித்து வேலை பார்த்துப் பழகியவரா, வேலை கிடைத்தால் போதும் என்று எழுதியவரா என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. நீங்கள் பயப்படும் சந்தேகமும் இந்த வரியில்தான் பிறக்கிறது. வேலையைப் பற்றி எதுவும் சொல்லாமல் நேரத்துக்கு மட்டும் சரி என்றால், காரணம் அலவன்ஸ்தான் என்று படிப்பவரே முடிவு கட்டிவிடுவார்.

ஆள் எடுப்பவரின் கவலை வேறு. விடியற்காலை 3 மணியிலிருந்து 5 மணி வரை உடம்பின் வெப்பம் தணிந்து, விழிப்பும் மிகக் குறைந்திருக்கும். ஒரு நாள் அந்த நேரத்தில் ரவுண்ட்ஸ் போனபோது ரீடிங் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். 2 மணிக்கு என்ன பிரஷர் எழுதியிருந்ததோ அதுவேதான் 3 மணிக்கும், 4 மணிக்கும். கடைசி இலக்கம்கூட மாறவில்லை. கேஜ் முன்னால் போய் நின்றால் முள் வேறு இடத்தில் நிற்கிறது. அந்த ஆபரேட்டர் ஏமாற்றுகிறவர் இல்லை. தூக்கக் கலக்கத்தில், எழுந்து போகாமல் மேல் வரியைப் பார்த்தே எழுதியிருக்கிறார். அதற்கப்புறம் யாருடைய கடிதத்தைப் படித்தாலும் எனக்குள் மூன்று கேள்விதான் ஓடும். இவர் 4 மணிக்கு எழுந்து கேஜ் வரை போவாரா? காலையில் வருபவரிடம் ராத்திரி நடந்ததை விடாமல் சொல்லிவிட்டுப் போவாரா? இரண்டு மாதத்தில் உடம்பு ஒத்துவரவில்லை என்று நின்றுவிடுவாரா?

உங்கள் கடிதம் இந்த மூன்றுக்கும் பதில் சொன்னால் போதும். அதற்கான சரக்கு உங்களிடம் இருக்கிறது. உங்கள் ரொட்டேஷன் எப்படி என்று நீங்கள் சொல்லவில்லை. 2 நாள் காலை, 2 நாள் மாலை, 2 நாள் இரவு, 2 நாள் ஓய்வு என்று வைத்துக்கொள்வோம். 8 நாளுக்கு ஒரு சுற்று. 14 மாதம் என்பது ஏறக்குறைய 425 நாள், அதாவது 53 சுற்று. சுற்றுக்கு 2 இரவு என்றால் 106 இரவு. எடுத்த லீவைக் கழித்து உங்கள் கணக்கைச் சரியாகப் போட்டுக்கொள்ளுங்கள். "ஷிப்ட் அனுபவம் உண்டு" என்று எழுதுவதைவிட, இத்தனை இரவு வேலை பார்த்தேன் என்று எழுதினால் படிப்பவருக்கு ஆள் கண்முன் தெரிவார்.

இதைக் கடிதத்தின் முதல் வரியில் வைக்காதீர்கள். முதல் பத்தியில் எந்த இயந்திரம், என்ன திறமை என்று சொல்லிவிட்டு, ஷிப்ட் விஷயத்தை இரண்டாவது பத்தியில் கொண்டுவாருங்கள். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"14 மாதங்களாகக் காலை, மாலை, இரவு என்று 8 நாள் சுழற்சியில் பம்ப் ஆபரேட்டராக வேலை செய்கிறேன். இதுவரை சுமார் 100 இரவு ஷிப்டுகள் பார்த்திருக்கிறேன். இரவில் ஆட்கள் குறைவு என்பதால் மணிக்கொரு முறை ரீடிங் எடுப்பதும், பம்ப் மாற்றுவதும், காலை ஷிப்டுக்கு ஹேண்ட்ஓவர் குறிப்பு எழுதுவதும் என் பொறுப்பு. ஒரு பம்ப்பில் அதிர்வு கூடுவதை இரவில் கவனித்து, மாற்று பம்ப்பை ஓடவிட்டு, குறிப்பில் எழுதி வைத்தேன். காலையில் பேரிங் தேய்ந்திருப்பது தெரிந்தது. உங்கள் விளம்பரத்தில் உள்ள வாராந்தரச் சுழற்சியில் என்னால் வேலை செய்ய முடியும். எந்த நேரத்திலும் வந்து போகச் சொந்த வண்டி இருக்கிறது."

அந்தப் பம்ப் சம்பவத்தை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு நடந்தது ஒன்று இருக்கும், அதை எழுதுங்கள். நேர்முகத்தில் முதலில் கேட்கப்போவது அதைத்தான்: எத்தனை மணிக்குக் கவனித்தீர்கள், யாரைக் கூப்பிட்டீர்கள் என்று. நடக்காததை எழுதியிருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். அதே மாதிரி "இரவு வேலை எனக்கு மிகவும் பிடிக்கும்" என்ற வரியையும் தவிருங்கள். ராத்திரி வேலை பார்த்தவர் யாரும் அதை அப்படியே நம்ப மாட்டார். ஆள் குறைவாக இருப்பதால் பொறுப்பு கூடுகிறது, அதில் நிறையக் கற்றுக்கொண்டேன் என்பது உண்மையாக இருந்தால் அதைச் சொல்லலாம்.

விளம்பரத்தையும் ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். நிரந்தர இரவு ஷிப்ட் வேறு, சுழற்சி வேறு. நிரந்தரம் என்றால் உடம்பு ஒரே நேரத்துக்காவது பழகப் பார்க்கும். சுழற்சியில் தூங்கும் நேரமே மாறிக்கொண்டிருக்கும். அவர்கள் ஒன்றைக் கேட்க நீங்கள் இன்னொன்றுக்குத் தயார் என்று எழுதினால், படிக்காமலே விண்ணப்பித்தவர் என்று தோன்றிவிடும்.

நல்ல எண்ணத்தில் பலர் எழுதி, கெடுத்துக்கொள்ளும் வரி ஒன்று உண்டு. "ஓவர்டைம், டபுள் ஷிப்ட் எதுவானாலும் செய்வேன்." உழைப்பாளி என்று காட்டத்தான் எழுதுகிறார்கள். படிக்கும் இன்சார்ஜுக்கு இது இரண்டு விதத்தில் உறுத்தும். ஒன்று, கேட்காமலே கூடுதல் பணத்தைத் தேடுவதாகத் தெரியும். இன்னொன்று, 16 மணி நேரம் நின்ற ஆள் 4 மணிக்கு எப்படி இருப்பார் என்று இவருக்குத் தெரியவில்லையே என்று தோன்றும். இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகப் படும். அந்த வரியை எடுத்துவிட்டு, அவசரத்தில் ஆள் வராவிட்டால் முன்கூட்டியே சொன்னால் உதவ முடியும் என்று எழுதுங்கள், அதுவும் முடியும் என்றால் மட்டும். குடும்பக் கடன், வீட்டுச் செலவு எல்லாம் உண்மையாகவே இருக்கலாம், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் இந்தக் கடிதத்தில் அதற்கு இடமில்லை.

வர முடியாத நாள் ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள். வாரத்தில் ஒரு மாலை வகுப்புக்குப் போகிறீர்கள் என்றால் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். "எந்த ஷிப்டும்" என்று எழுதிச் சேர்ந்தவர் முதல் ரோஸ்டரிலேயே ஒரு நாளை மாற்றித் தரச் சொன்னால், அந்த ஷிப்டைச் சக ஆபரேட்டர் ஒருவர்தான் சுமக்க வேண்டிவரும். உடல்நலக் காரணம் எதுவும் இருந்தால் கடிதத்தில் வேண்டாம். முதலில் மருத்துவரிடம் பேசுங்கள்.

பணத்தைப் பற்றி நேர்முகத்தில் அவர்கள் எடுக்கும் வரை நீங்கள் எடுக்க வேண்டாம். கேள்வி இருக்கிறதா என்று கேட்டால், சுழற்சி காலையிலிருந்து மாலை, மாலையிலிருந்து இரவு என்று முன்னால் போகிறதா, பின்னால் வருகிறதா, இரவு முடிந்து அடுத்த ஷிப்டுக்கு எத்தனை மணி நேரம் இடைவெளி என்று கேளுங்கள். முன்னால் போகும் சுழற்சி பெரும்பாலானோருக்கு உடம்புக்குச் சுலபம். இதைக் கேட்கிறவர் ஏற்கெனவே ஷிப்டில் தூங்கி எழுந்தவர் என்று எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். வேலை உறுதி என்று சொன்னதும் அலவன்ஸ் இரவுக்கு இவ்வளவா, மணிக்கு இவ்வளவா, லீவு நாளில் எப்படி என்று தாராளமாகக் கேளுங்கள். அப்போது அதை யாரும் தவறாக எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.