கிளினிக்குக்கு ஃபோன் செய்து டோக்கன் வாங்குவது எப்படி?

கேள்வி: லக்னோவிலிருந்து கோயம்புத்தூர் வந்து இரண்டு வருடம் ஆகிறது. தமிழ் படிக்கத் தெரியும், கடையிலும் பக்கத்து வீட்டிலும் பேசிச் சமாளித்துவிடுவேன். ஆனால் குழந்தை டாக்டரிடம் ஃபோனில் நேரம் வாங்க முடியவில்லை. ஒரு கேள்வி எனக்குப் புரிவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. போன வாரம் தப்பான நேரத்துக்குப் போய் டோக்கன் தாண்டிவிட்டது. மாதிரிக்கு ஓர் உரையாடல் எழுதித் தருவீர்களா?

பதில்: நீங்கள் என்ன பேச வேண்டும் என்பதைவிட, எதிர்முனையில் இருப்பவர் என்ன கேட்பார் என்பதை முதலில் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். கிளினிக்கில் ஃபோன் எடுப்பவர் முன்னால் ஒரு நோட்டோ கம்ப்யூட்டரோ இருக்கும். அதில் நிரப்ப வேண்டிய கட்டங்களைத்தான் அவர் வரிசையாகக் கேட்கிறார். முழு வாக்கியமாகக் கேட்க அவருக்கு நேரம் இருக்காது. பெரும்பாலும் ஒற்றைச் சொல்தான் வரும். கோவைப் பக்கம் பேசுகிற மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன். சத்தம் போட்டு ஒருமுறை படித்துவிட்டு விளக்கத்துக்கு வாருங்கள்.

ரிசப்ஷன்: வணக்கங்க, சொல்லுங்க.
நீங்கள்: டாக்டரைப் பார்க்கணுங்க. இன்னிக்கு சாயங்காலத்துக்கு டோக்கன் கிடைக்குங்களா?
ரிசப்ஷன்: யாருக்குங்க?
நீங்கள்: பையனுக்குங்க.
ரிசப்ஷன்: என்ன பண்ணுது?
நீங்கள்: ரெண்டு நாளா காய்ச்சல். நேத்து ராத்திரி நூத்தி ரெண்டு இருந்துச்சு. இருமலும் இருக்கு.
ரிசப்ஷன்: ஏற்கெனவே காட்டியிருக்கீங்களா, புதுசா?
நீங்கள்: ஏற்கெனவே காட்டியிருக்கோங்க.
ரிசப்ஷன்: பேரு?
நீங்கள்: ஆரவ்.
ரிசப்ஷன்: அரவிந்தா?
நீங்கள்: இல்லைங்க, ஆரவ். ஆ, ர, வ்.
ரிசப்ஷன்: இனிஷியல்?
நீங்கள்: அப்பா பேரு ராகுல். ஆர் போட்டுக்கங்க.
ரிசப்ஷன்: வயசு?
நீங்கள்: நாலு முடிஞ்சு அஞ்சு நடக்குது.
ரிசப்ஷன்: நம்பர் இதேதானுங்களா?
நீங்கள்: ஆமாங்க, இதேதான்.
ரிசப்ஷன்: டாக்டர் ஆறு மணிக்கு மேலதான் வருவாங்க. டோக்கன் பதினாலு. ஆறே முக்காலுக்கு வந்துடுங்க.
நீங்கள்: ஆறு நாப்பத்தஞ்சுங்களா?
ரிசப்ஷன்: ஆமாங்க. லேட்டா வந்தா டோக்கன் தாண்டிடும், அப்புறம் கடைசியாத்தான் பார்க்க முடியும்.
நீங்கள்: சரிங்க. பழைய சீட்டு எடுத்துட்டு வரணுங்களா?
ரிசப்ஷன்: எடுத்துட்டு வாங்க. வேற மருந்து ஏதாச்சும் குடுத்திருந்தா அதையும் கொண்டாங்க.
நீங்கள்: சரிங்க. டோக்கன் பதினாலு, ஆறே முக்கால். வெச்சிடறேங்க.

நேரம் தவறிப்போனது எங்கே என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ஹிந்தியில் 6.45ஐ ‘பௌனே சாத்’ என்பீர்கள். காதில் விழுகிற எண் ஏழு. தமிழில் அதே நேரம் ‘ஆறே முக்கால்’. இங்கே விழுகிற எண் ஆறு. ஆறு மணியோடு முக்கால் மணி சேர்ந்தது என்று கணக்கு. அதனால் ‘ஏழே முக்கால்’ என்றால் 7.45. ஹிந்திப் பழக்கத்தில் அதை ஏழுக்குக் கால் மணி முன்னால் என்று எடுத்துக்கொண்டால், ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்திருப்பீர்கள். இன்னொரு சிக்கல் ‘ஆறே கால்’. இது 6.15. இரண்டுக்கும் நடுவில் ‘முக்’ என்ற ஒரு சின்ன ஒலிதான் வித்தியாசம், ஃபோனில் அது எளிதாக அமுங்கிப்போகும். முக்காலை நீங்கள் கால் என்று கேட்டால் அரை மணி நேரம் காத்திருப்பீர்கள், அவ்வளவுதான். காலை முக்கால் என்று கேட்டால் டோக்கன் போய்விடும். ‘ஆறரை’ மட்டும் தனியாகத் தெரியும், அதில் குழப்பம் வராது.

அதனால்தான் உரையாடலில் ‘ஆறு நாப்பத்தஞ்சுங்களா?’ என்று கேட்க வைத்திருக்கிறேன். ‘திரும்பச் சொல்லுங்க’ என்றால் அவர் அதையே அதே வேகத்தில் சொல்வார், உங்கள் காதில் பழையபடியே விழும். நீங்கள் புரிந்துகொண்டதை வேறு வடிவத்தில், ‘ங்களா’ சேர்த்துக் கேட்டால், தப்பாக இருந்தால் அவரே ‘இல்லைங்க, ஆறு பதினஞ்சு’ என்று திருத்துவார். கடைசி வரியில் டோக்கனையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லி முடிப்பதும் இதற்காகத்தான்.

‘என்ன பண்ணுது?’ என்றால் பையன் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று கேட்கவில்லை. உடம்புக்கு என்ன என்று கேட்கிறார். ‘தூங்கறான்’ என்று பதில் சொல்லிவிடாதீர்கள். எத்தனை நாளாக, என்ன தொந்தரவு, இந்த இரண்டும் போதும். ‘ரெண்டு நாளா’ என்பதில் கடைசியில் வரும் ‘ஆ’ கேள்வி இல்லை, அன்றிலிருந்து இன்றுவரை என்று பொருள். நூத்தி ரெண்டு என்றால் ஃபாரன்ஹீட் கணக்கு. வீட்டில் தெர்மாமீட்டரில் பார்த்ததை அப்படியே சொன்னால் புரிந்துகொள்வார்கள். ‘காட்டியிருக்கீங்களா’ உங்களுக்குச் சுலபமாகப் பிடிபடும். டாக்டரிடம் காட்டுவது என்று ஹிந்தியிலும் இப்படித்தானே சொல்கிறீர்கள்.

இனிஷியல் கேட்டால் குடும்பப் பெயரைச் சொல்ல வேண்டாம். இங்கே பெரும்பாலும் அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். நோட்டில் ‘ஆர். ஆரவ்’ என்று எழுதிக்கொண்டு அப்படியேதான் கூப்பிடுவார்கள். முதல் தடவை என்ன சொன்னீர்களோ அதையே ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள், இல்லையென்றால் பழைய ஃபைல் கிடைக்காது. ஃபோன் நம்பரைத் தமிழ் எண்ணில் சொல்லத் தடுமாற வேண்டியதில்லை. நாங்களே ‘நைன், எய்ட்’ என்றுதான் சொல்கிறோம்.

டோக்கன் தீர்ந்துவிட்ட நாளில் பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

ரிசப்ஷன்: இன்னிக்கு ஃபுல் ஆயிடுச்சுங்க. நாளைக்குப் போடட்டுங்களா?
நீங்கள்: காய்ச்சல் குறையவே இல்லைங்க. கடைசியா பார்த்தாலும் பரவாயில்லை. டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்ல முடியுங்களா?
ரிசப்ஷன்: லைன்ல இருங்க.

‘போடட்டுங்களா’ என்பது உங்கள் சம்மதத்தைக் கேட்பது. சரியென்றால் ‘போடுங்க’ என்று சொன்னால்தான் அவர் எழுதுவார். பேசாமல் இருந்தால் வேண்டாம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார். ‘லைன்ல இருங்க’ என்றால் ஃபோனை வைக்காமல் காத்திருக்கச் சொல்கிறார். ‘வெச்சிடுங்க, நானே கூப்பிடறேன்’ என்று சொன்னால் வைத்துவிடலாம்.

குழந்தைக்கு மூச்சு வாங்கினாலோ ஃபிட்ஸ் வந்தாலோ இந்த உரையாடல் எதுவும் வேண்டாம். ‘மூச்சு வாங்குதுங்க’, ‘ஃபிட்ஸ் வந்துச்சுங்க’ என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள், டோக்கன் கேட்காதீர்கள். அந்த நேரத்தில் கிளினிக் ஃபோனை எடுக்கவில்லை என்றால் அதற்காகக் காத்திருக்காமல் 108க்கு அடியுங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைக் கொடுத்து ரிசப்ஷன் வரிகளை மட்டும் படிக்கச் சொல்லிப் பழகுங்கள். அவர் வேறு அறையில் இருந்து ஃபோனில் பேசட்டும், முகத்தைப் பார்த்தால் பாதி புரிந்துவிடும். இரண்டாவது தடவை கேள்விகளை முன்பின்னாக மாற்றி, நேரத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் அவர் இஷ்டத்துக்குச் சொல்லட்டும்: ஏழே கால், ஏழே முக்கால், ஏழரை. கேட்டதைக் கடிகார எண்ணாக ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள்.