பசை முகரும் பையனை மிரட்டிப் பிடிக்கலாமா?

“அக்கா மகனுக்கு 13 வயது. பையில் பஞ்சர் பசை ட்யூபும் வாடை அடிக்கும் துணியும் கிடந்தன. கையும் களவுமாகப் பிடித்து மிரட்டினால் விட்டுவிடுவானா?”

முகர்ந்துகொண்டிருக்கும்போது மட்டும் மிரட்டாதீர்கள், துரத்தாதீர்கள். பசை, தின்னர், ஒயிட்னர் போன்றவற்றின் ஆவி நுரையீரல் வழியாகச் சில நொடிகளில் ரத்தத்தில் கலந்து, இதயத்தை அட்ரினலின் என்ற ஹார்மோனுக்கு அளவுமீறித் துடிக்கும் நிலைக்குக் கொண்டுபோகிறது. அந்த நேரத்தில் பயந்தாலோ ஓடினாலோ அட்ரினலின் பெருகும். துடிப்பு தாறுமாறாகி இதயம் நின்றுவிடலாம். முதல் தடவையிலேயே இப்படி இறந்தவர்கள் உண்டு. “எப்போதாவதுதானே” என்ற கணக்கு இங்கே செல்லாது.

நேரில் பார்த்துவிட்டால் சாதாரணக் குரலில் பேசி, பசையை வாங்கி வைத்து, காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள். பக்கத்தில் நெருப்பு வேண்டாம், அந்த ஆவி தீப்பிடிக்கும். மயங்கினால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்; வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போவதும் உயிரைப் பறிக்கும். மூச்சு இல்லையென்றால் நிமிர்த்திப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 செ.மீ. ஆழம் அழுத்துங்கள். மருத்துவரிடம் எதை முகர்ந்தான் என்று மறைக்காமல் சொல்லுங்கள், ட்யூபையும் எடுத்துப் போங்கள்.

கண்டிப்பதை அவன் தெளிந்த மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணில் பேசிவிடுங்கள். வாயைச் சுற்றிப் புண், சட்டையில் பசைக் கறை, காலையில் தலைவலி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் பழக்கம் தொடர்கிறது என்று சந்தேகிக்கலாம்.