மானிட்டரா, லேப்டாப் மட்டும் போதுமா? முதலில் அளவு டேப்பை எடுங்கள்

கேள்வி: குன்னூரில் வீட்டிலிருந்தே கோடிங் வேலை. 14 இன்ச் ஃபுல் எச்டி லேப்டாப், விண்டோஸ். வயது 44, போன வருடம் புரோகிரசிவ் கண்ணாடி போட்டேன். சாயங்காலம் ஆனால் கண் எரிச்சல், பின்கழுத்து வலி. மேசை ஜன்னலை ஒட்டி இருக்கிறது, ஆழம் 45 செ.மீ. தான். 15,000 ரூபாய் வைத்திருக்கிறேன். 27 இன்ச் மானிட்டர் வாங்கட்டுமா, லேப்டாப்பே போதுமா?

பதில்: 27 இன்ச் வேண்டாம். 24 இன்ச் வாங்கலாம், ஆனால் அது இரண்டாவது செலவு. முதல் செலவு கண்ணாடிக்கு ஆகலாம்.

லேப்டாப்பில் கீபோர்டும் திரையும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதுதான் கழுத்து வலிக்குக் காரணம். கை வசதிக்கு வைத்தால் திரை தாழ்ந்துவிடும், கண் வசதிக்குத் தூக்கினால் கை தூக்கிக்கொள்ளும். இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து, திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி உயர்த்துவது. புரோகிரசிவ் கண்ணாடிக்காரர்களுக்கு இந்த மருந்தே வினை. உங்கள் கண்ணாடியில் மேல்பகுதி தூரப் பார்வைக்கு, அடிப்பகுதி படிப்பதற்கு. நடுத்தூரத்துக்கு இரண்டுக்கும் இடையில் ஒரு குறுகிய பாதை மட்டும்தான் உண்டு. உயர்த்திய திரையை அந்தப் பாதை வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்க வேண்டிவரும், கழுத்து இப்போது பின்பக்கமாக மடங்கும். பாதை குறுகல் என்பதால், அகலமான திரையில் வரியின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தலையையே திருப்பித்தான் படிக்க வேண்டும். 27 இன்ச் திரையின் அகலம் ஏறக்குறைய 60 செ.மீ., 24 இன்ச் 53, உங்கள் லேப்டாப் 31.

எனவே காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை. லேப்டாப்பை நாலைந்து தடித்த புத்தகங்களின் மேல் வைத்து, தனி கீபோர்டு ஒன்றை இரவல் வாங்கி இரண்டு நாள் வேலை செய்யுங்கள். பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். மோவாய் மேல்நோக்கி இருந்தால், திரையை மாற்றினாலும் வலி போகாது. அப்போது கண் பரிசோதகரிடம் ‘கம்ப்யூட்டர் கண்ணாடி’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். உட்காரும் இடத்திலிருந்து திரை வரை டேப் வைத்து அளந்து, ‘60 செ.மீ. தூரத்துக்கு, முழுக் கண்ணாடியும் ஒரே பவர்’ என்று எண்ணோடு கேளுங்கள். சாதாரண பிரேமில் 1,500 – 2,500 ரூபாய்க்குள் முடியும். அதைப் போட்டுக்கொண்டு படிக்கட்டில் இறங்காதீர்கள், வண்டி ஓட்டவே கூடாது.

அடுத்தது மேசை. 24 இன்ச் மானிட்டரோடு வரும் ஸ்டாண்டின் அடித்தட்டு பெரும்பாலும் 20 செ.மீ. ஆழம். அதை 45 செ.மீ. மேசையில் சுவரோடு தள்ளி வைத்தாலும் திரை முன்விளிம்பிலிருந்து 33 – 35 செ.மீ. தூரத்தில்தான் நிற்கும். கண் மேசை விளிம்பிலிருந்து 10 செ.மீ. பின்னால் என்று வைத்தால் மொத்தம் 45. இது லேப்டாப் தூரமே, இவ்வளவு பெரிய திரைக்குப் போதாது. குறைந்தது 60 வேண்டும். மேசையை மாற்ற முடியாதவர்களுக்கு வழி, விளிம்பில் கிளாம்ப் போட்டு மாட்டும் மானிட்டர் ஆர்ம், சுமார் 2,000 – 3,000 ரூபாய். மேசையைச் சுவரிலிருந்து 15 செ.மீ. முன்னால் இழுத்துவிட்டால், ஆர்மின் முழங்கை அந்த இடைவெளிக்குள் மடங்கும், திரை மேசையின் பின்விளிம்பையும் தாண்டிப் போய் நிற்கும். 60 செ.மீ. கிடைத்துவிடும். மழைக்காலத்தில் ஈரம் கசியும் சுவரிலிருந்து மேசை விலகி இருப்பது கூடுதல் லாபம். மேசைப் பலகை மெல்லிய பார்ட்டிகிள் போர்டாக இருந்தால் கிளாம்ப் அதை நசுக்கிவிடும். பலகையின் அடியில் ஒன்று, மேற்புறத்தில் ஒன்று என மரத்துண்டு கொடுத்து இறுக்குங்கள். மானிட்டரின் முதுகில் 100×100 அல்லது 75×75 மி.மீ. வெசா துளைகள் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். விலை குறைந்த சில மாடல்களில் இருக்காது.

ஜன்னலை நேராகப் பார்த்து உட்காருவதையும் மாற்றுங்கள். மூட்டம் ஏறினால் ஜன்னல் முழுக்க வெள்ளை, அடுத்த பத்து நிமிடத்தில் பளீர் வெயில். அந்த வெளிச்சத்துக்கு எதிரே திரையைப் படிப்பது கண்ணுக்குத் தண்டனை. ஜன்னல் இடது அல்லது வலது பக்கம் வரும்படி மேசையைத் திருப்பினாலே எரிச்சல் குறையலாம். திரை வெளிச்சத்துக்கு அளவு: ஒரு வெள்ளைத் தாளை அதன் பக்கத்தில் பிடியுங்கள். தாளைவிடத் திரை விளக்கு மாதிரி எரிந்தால் அதிகம், அழுக்காகத் தெரிந்தால் குறைவு. குளிருக்கு ஹீட்டர் பிளோயர் வைப்பவர் என்றால், காற்று காலுக்குப் போகட்டும், முகத்துக்கு வேண்டாம். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பதே குறைவு, அதில் உலர்ந்த காற்றும் சேர்ந்தால் மானிட்டர் மேல் பழி வரும்.

இனி மானிட்டரால் என்ன லாபம் என்று வரிக் கணக்கில் பார்ப்போம். 150% ஸ்கேலிங் இருந்தால் உங்கள் லேப்டாப் நடைமுறையில் 1280×720. மெனு, டேப், டாஸ்க்பார் சுமார் 150 பிக்சல் தின்றுவிட்டால் மீதி 570. விஎஸ் கோடில் எழுத்தளவு 14 என்றால் ஒரு வரி 19 பிக்சல், அதாவது 30 வரி. கீழே டெர்மினல் திறந்தால் 20. 24 இன்ச் ஃபுல் எச்டியில் ஸ்கேலிங் 100% போதும். தூரம் கூடுவதால் எழுத்தை 16 ஆக்குங்கள்:

```json
"editor.fontSize": 16,
"editor.lineHeight": 22
```

இதில் 930 பிக்சலுக்கு 42 வரி தெரியும், டெர்மினலோடும் 30க்கு மேல். ஒரு ஃபங்ஷனை மேலும் கீழும் உருட்டாமல் படிக்க இது போதும். 27 இன்ச் ஃபுல் எச்டி வாங்கினால் ஒரு வரிகூட அதிகமாகத் தெரியாது. அதே பிக்சல்கள் பெரிதாக விரியும், எழுத்தின் ஓரம் ரம்பப் பல் மாதிரி தெரியும். 2560×1440 திரை என்றால் 27 நன்றாக இருக்கும், ஆனால் அது உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும், மேசையையும் தாண்டும்.

ஐபிஎஸ் பேனல் 24 இன்ச் சுமார் 8,000 – 11,000. கீபோர்டும் மவுசும் 1,000 – 1,500. ஆர்ம், கண்ணாடி எல்லாம் சேர்த்தால் 15,000ஐ ஒட்டி வரும். இடித்தால் மானிட்டரைத் தள்ளிப்போடுங்கள், கண்ணாடியை அல்ல. மாட்டிய பிறகு எழுத்தின் ஓரத்தில் நிறம் கசிந்தால் பயப்பட வேண்டாம். மானிட்டரை டிவி என்று நினைத்து லேப்டாப் வேறு கலர் ஃபார்மட்டில் அனுப்பியிருக்கலாம். கிராபிக்ஸ் செட்டிங்கில் RGB, Full என்று மாற்றுங்கள்.

கரண்ட் போனால் லேப்டாப் ஓடும், மானிட்டர் அணையும், விண்டோக்கள் சின்னத் திரைக்கு வந்து குவியும். 24 இன்ச்சுக்கு 25 வாட் அளவில்தான் செலவு, இன்வர்ட்டர் லைனில் தயங்காமல் கொடுக்கலாம்.

வாரண்டியில் ‘ஆன்-சைட்’ என்று போட்டிருந்தாலும் உங்கள் பின்கோடுக்கு அது உண்டா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். இல்லையென்றால் கோயம்புத்தூருக்குச் சுமக்க வேண்டும், ஐப்பசி, கார்த்திகையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் அதுவும் நடக்காது. பெட்டி வந்த அன்றே கருப்பு, வெள்ளை, சிவப்புப் படங்களை முழுத்திரையில் போட்டு செத்த பிக்சல் இருக்கிறதா என்று பாருங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடியும் வரை அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலையும் பரணில் போட்டு வையுங்கள்.