பெயரின் பின்னொட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் பழைய நிலப்பத்திரத்தில் தாத்தாவின் பெயரோடு சாதிப் பட்டம் இருக்கிறது. அப்பாவின் பெயரிலும் என் பெயரிலும் இல்லை. ஹைதராபாத்தில் உடன் பணிபுரிவோர் இதைக் கேட்டு வியக்கிறார்கள். இதற்கெனச் சட்டம் ஏதும் இருந்ததா? சாதி போகாதபோது பட்டம் மட்டும் எப்படிப் போயிற்று?

செந்தில், திருச்சி

அன்புள்ள செந்தில்,

சட்டம் எதுவும் இல்லை. முதல் உந்துதல் சுயமரியாதை இயக்கத்திலிருந்து வந்தது. ‘குடி அரசு’ இதழில் ஈ.வெ.ராமசாமி நாயக்கர் என்று அச்சாகிவந்த பெயரிலிருந்து 1927இன் இறுதியில் ‘நாயக்கர்’ நீக்கப்பட்டது. 1929 பிப்ரவரியில் சௌந்தரபாண்டியன் தலைமையில் செங்கற்பட்டில் கூடிய மாநாடு, பெயருக்குப் பின் சாதிப் பட்டம் இடுவதைக் கைவிடுமாறு மக்களைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. அதன் பிறகு, பட்டத்தோடு பெயரைச் சொல்வது பொதுமேடையில் கூச்சத்துக்குரியதாக மாறத் தொடங்கியது. இயக்கத்துக்கு வெளியே இருந்தவர்களும் காலப்போக்கில் அதை ஏற்றார்கள். ஒருகாலத்தில் காமராஜ நாடார் என்று எழுதப்பட்டவர் பின்னர் காமராஜராகவே அறியப்பட்டார்.

ஆனால் இயக்கத்தின் வலிமை மட்டுமே காரணமென்றால், அதே உறுதியோடு சாதியை எதிர்த்த பிற மாநிலங்களிலும் இது இவ்வளவு பரவலாக நடந்திருக்க வேண்டும். நம் பெயரமைப்பே இதற்கு இடம் கொடுத்தது என்பது என் துணிபு. தெலுங்கில் குடும்பத்தைக் குறிக்கும் ‘இண்டிபேரு’ பெயரின் உறுப்பு. அதை நீக்கினால் ஆளை அடையாளம் காண்பதே சிக்கலாகும். தமிழில் அந்த வேலையைத் தந்தை பெயரின் முதலெழுத்தே செய்துவிடுகிறது. உங்கள் பத்திரத்தில் ‘சுப்பையா பிள்ளை குமாரர் ராமலிங்கம் பிள்ளை’ என்பதுபோல் இருந்திருக்கும். பள்ளிச் சேர்க்கையில் அது ‘சு. ராமலிங்கம்’ ஆனால் எந்த ஆவணமும் குழம்பாது. பட்டம் என்பது பெரும்பாலும் வளர்ந்த ஆண்களுக்கான மரியாதைச் சொல்லாகவே இருந்தது. அதே வீட்டுப் பெண்ணின் பெயர் ‘அம்மாள்’ என்றுதான் முடிந்தது. குடும்பப் பெயராக அது இறுகாததால்தான் எளிதில் கழன்றது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் இன்றும் நம்மில் பலர் தந்தையின் பெயரை எழுதுவதற்கும் இதுவே காரணம்.

மரியாதைச் சொல் என்பதாலேயே இது அநீதியுமாகும். ஒருவரை அவருடைய பட்டத்தோடு அழைத்த ஊர், சேரியில் இருந்தவரை வயது பாராமல் வெறும் பெயரிட்டு அழைத்தது. பட்டம் மறைந்தபோது பள்ளி வருகைப் பதிவேட்டிலாவது இருவரின் பெயரும் ஒரே வடிவம் பெற்றன. இதைச் சிறிய மாற்றம் என்று என்னால் சொல்ல முடியாது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். பட்டம் பெயரிலிருந்துதான் போயிற்று. மணமகள் தேவை விளம்பரங்களிலும் சாதிச் சங்கச் சுவரொட்டிகளிலும் அது இன்னும் இருக்கிறது. இடஒதுக்கீட்டுக்கான சாதிச் சான்றிதழை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்; அது உரிமைக்கான ஆவணம், பெருமைக்கான ஒட்டு அன்று. பெயரைக் கேட்டும் சாதி தெரியாதவர்கள் ஊரையும் தெருவையும் குலதெய்வத்தையும் விசாரிக்கிறார்கள், வாடகைக்கு வீடு தருவதற்கு முன்புகூட.