பல்கலைக்கழகம் சேரும், ரயில் நிலையம் பிரியும்: ஏன்?

"கல்லூரி ஆண்டு மலருக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். ஒரே கட்டுரையில் பல்கலைக்கழகம், பல்கலைக் கழகம், ரயில்நிலையம், ரயில் நிலையம் நான்கும் இருக்கின்றன. எதை வைத்துக்கொள்வது?"

பல்கலைக்கழகத்தைச் சேர்த்தும் ரயில் நிலையத்தைப் பிரித்தும் எழுதுங்கள். இலக்கணப்படி இரண்டுமே தொகைதான். "எல்லாத் தொகையும் ஒருசொல் நடைய" என்கிறது தொல்காப்பியம். ஆனால் அது சொல் நடக்கும் விதத்தைச் சொல்கிறது, இடைவெளியை அல்ல. ஓலையில் ஏது இடைவெளி? நிலையத்தில், நிலையத்துக்கு என்று உருபு கடைசிச் சொல்லில் மட்டும் ஏறுகிறதே, அதுதான் அந்த ஒருசொல் நடை. பிரித்து எழுதினாலும் அது கெடாது.

பின் எதை வைத்து முடிவு செய்வது? இரண்டாம் பாதியைத் தனியே நிறுத்திப் பாருங்கள். "நிலையத்துக்கு வெளியே நிற்கிறேன்" என்றால் பொருள் மாறவில்லை. "கழகத்தில் சேர்ந்துவிட்டான்" என்று சொல்லிப் பாருங்கள், தமிழ்நாட்டில் எவரும் படிப்பை நினைக்கமாட்டார்கள்! அந்தக் கழகம் இப்போது பல்கலையோடு ஒட்டிப்போன சொல். நீதிமன்றம், துணைவேந்தர் எல்லாம் அப்படித்தான். காவல் நிலையமும் பேருந்து நிலையமும் ரயில் நிலையத்தின் கட்சி.

ஒற்றைப் பார்த்து முடிவு செய்யவேண்டாம். இடைவெளி விட்டாலும் விடாவிட்டாலும் வல்லினம் மிகும். 'சென்னைப் பல்கலைக்கழகம்' என்பதில் 'ப்' வந்துவிட்டதே என்று யாரும் இரண்டையும் ஒட்டுவதில்லை.

முன்னால் ஓர் அடை வரும்போதுதான் உண்மையான சிக்கல். 'பழைய புத்தகக் கடை' என்று எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழையது புத்தகமா, கடையா? இந்த இடத்தில் இடைவெளி வேலை செய்கிறது. கடைதான் பழையது என்றால் 'பழைய புத்தகக்கடை' என்று சேர்த்துவிடுங்கள், 'பழைய' முழுச் சொல்லுக்கும் போகும். பழைய புத்தகம் விற்கும் கடை என்றால் பிரித்தே விடுங்கள். நாட்டு மருந்துக் கடையும் அப்படித்தான். 'நாட்டு' முதலில் மருந்தோடுதான் சேருகிறது, மருந்தையும் கடையையும் ஒட்டினால் கடை நாட்டுக்கடை ஆகிவிடும். இதுவும் எல்லா வாசகருக்கும் உறைக்கும் என்று சொல்லமுடியாது. குழப்பம் வரும் இடத்தில் 'பழைய புத்தகங்கள் விற்கும் கடை' என்றே மாற்றிவிடுவேன்.

சரி, கோப்பை எப்படிச் சீர் செய்வது? ரெகெக்ஸ் தேடல் உள்ள எடிட்டரில் இப்படித் தேடலாம்:

```
ரயில்\s*நிலைய
பல்கலைக்\s*கழக
```

'நிலையம்' என்று முழுதாகத் தேடினால் நிலையத்தில், நிலையத்துக்கு, நிலைய மேலாளர் எல்லாம் தப்பிவிடும். அதனால்தான் 'ம்' இல்லாமல் விட்டேன். இரயில் என்று எழுதியதும் இந்தத் தேடலிலேயே அகப்படும், ரெயில் என்று எழுதியவர்களுக்கு மட்டும் இன்னொரு சுற்று ஓட்டவேண்டும். மொத்தமாக மாற்றாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். ஒரு நிறுவனம் தன் பெயரையே 'பல்கலைக் கழகம்' என்று பதிந்து வைத்திருந்தால் அதில் கை வைக்கவேண்டாம்.